115 மில்லிமீட்டர்: கை அளவு டேப்பின் சிவப்புக் கோடு எதைச் சொல்கிறது?

பத்தாம் வகுப்பில் தேர்ச்சி மதிப்பெண் 35. 34 வாங்கிய பிள்ளைக்கும் 36 வாங்கிய பிள்ளைக்கும் படிப்பில் பெரிய வித்தியாசம் இருக்காது. ஆனால் ஒருவர் துணைத் தேர்வு எழுத வேண்டும், மற்றவர் பதினொன்றாம் வகுப்புக்குப் போகலாம். இதனால் 35 என்ற எண்ணில் அறிவு தொடங்குகிறது என்று யாரும் நினைப்பதில்லை. அடுத்து என்ன செய்வது என்ற முடிவு அந்த இடத்தில் பிரிகிறது, அவ்வளவுதான்.

குழந்தைகளின் மேற்கையில் சுற்றி அளக்கும் மூவண்ண டேப்பில் 115 மில்லிமீட்டரில் இருக்கும் சிவப்புக் கோடும் இப்படிப்பட்டதுதான். "சிவப்பு என்றால் நோய், பச்சை என்றால் ஆரோக்கியம்" என்ற பேச்சு பயிற்சிக் கூட்டங்களிலேயே சாதாரணமாகக் கேட்கிறது. அங்கே தொடங்கும் குழப்பம், தேவையில்லாத மருத்துவமனைப் பரிந்துரையிலும் தவறவிட்ட குழந்தையிலும் போய் முடிகிறது.

## கையை ஏன் அளக்கிறார்கள்?

மேற்கையின் நடுப்பகுதியில் ஒரு எலும்பு, அதைச் சுற்றித் தசை, அதன்மேல் தோலடிக் கொழுப்பு. இவற்றைத் தவிர அங்கே பெரிதாக எதுவும் கிடையாது. சாப்பாடு போதாமலோ தொடர்ந்து வயிற்றுப்போக்கு, காய்ச்சல் என்று வந்தாலோ உடம்பு முதலில் கொழுப்பையும் பிறகு தசையையும் கரைத்துச் செலவழிக்கிறது. இந்த இரண்டும் கரைவது கையின் சுற்றளவில் நேரடியாகத் தெரிந்துவிடும்.

ஒரே கோட்டை 6 மாதக் குழந்தைக்கும் 4 வயதுக் குழந்தைக்கும் எப்படிப் பயன்படுத்த முடியும் என்ற கேள்வி நியாயமானது. நன்றாக வளரும் ஆண் குழந்தையின் எடை 6 மாதத்தில் சுமார் 8 கிலோ, 5 வயதில் சுமார் 18 கிலோ. எடை இரண்டு மடங்குக்கும் மேல் ஏறும் இதே காலத்தில் கையின் சுற்றளவு இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான் கூடுகிறது. அதனால்தான் வயதுவாரியாக அட்டவணை பார்க்காமல் ஒரே எண்ணை வைத்து வேலை செய்ய முடிகிறது. 6 மாதம் முதல் 59 மாதம் வரை இந்த வசதி செல்லும். அதைத் தாண்டிய குழந்தைக்குக் கை இயல்பாகவே பெரிதாக இருக்கும் என்பதால், மெலிந்த 7 வயதுப் பிள்ளையின் கையும் இந்த டேப்பில் பச்சை காட்டிவிடலாம். 6 மாதத்துக்குக் குறைந்த கைக்குழந்தைக்கு இதே எண் பொருந்தாது. 6 வாரம் முதல் 6 மாதம் வரையுள்ளவர்களுக்கு 110 மி.மீ.க்குக் கீழ் இருந்தால் கவனிக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2023 வழிகாட்டுதல். ஆகவே டேப்பை எடுக்கும் முன் தடுப்பூசி அட்டையில் பிறந்த தேதியைப் பார்த்துக்கொள்வது நல்லது.

இன்று புழக்கத்தில் உள்ள எல்லைகள் இரண்டு. 115 மி.மீ.க்குக் கீழே இருந்தால் சிவப்பு. அதைக் கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடு என்கிறோம். 115 முதல் 125க்குள் இருந்தால் மஞ்சள், மிதமான குறைபாடு. 125ம் அதற்கு மேலும் பச்சை.

பச்சையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. வயதுக்கேற்ற உயரம் இல்லாத குழந்தை, இரத்தசோகை உள்ள குழந்தை இருவருமே பச்சை காட்டலாம். உடம்பில் சதை கரைகிறதா என்ற ஒரு கேள்விக்குத்தான் டேப் பதில் சொல்லும்.

சுருக்கமாக: கை அளவு, தசையும் கொழுப்பும் கரைவதைக் காட்டுகிறது, 6 முதல் 59 மாதம் வரை ஒரே கோடு போதும், பச்சை வந்தால் இந்த ஒரு ஆபத்து இப்போதைக்கு இல்லை என்று மட்டும் பொருள்.

## கோடு நகர்ந்திருக்கிறது

115 என்ற எண் உடம்பே எழுதிக் கொடுத்தது இல்லை. 1974ல் பாக்தாதின் மருத்துவர் அட்னான் ஷாகிர் பரப்பிய மூவண்ணப் பட்டையில் 125க்குக் கீழ் சிவப்பு, 125 முதல் 135 வரை மஞ்சள். அன்றைக்கு மஞ்சளாக இருந்த 130 மி.மீ. கை இன்றைய டேப்பில் பச்சை. பிறகு வந்த சிகிச்சைத் திட்டங்களில் 110 என்ற கடுமையான கோடு வெகுகாலம் இருந்தது. 2009ல் உலக சுகாதார நிறுவனமும் யூனிசெஃபும் கூட்டாக அதை 115க்கு உயர்த்தின. கை சுருங்கச் சுருங்க இறப்பு அபாயம் ஏறுகிறது. 115க்குக் கீழே அந்த ஏற்றம் மிகச் செங்குத்தாகிறது. ஆனால் அந்த வளைவில் படிக்கட்டுபோல் ஒரு வெட்டு எங்கும் கிடையாது. 114லும் 116லும் உள்ள குழந்தைகளின் அபாயம் ஏறக்குறைய ஒன்றுதான்.

ஆகவே கோட்டை எங்கே போடுவது என்பதில் இரண்டு கேள்விகள் சேர்ந்தே இருக்கின்றன. கோட்டுக்குக் கீழே வரும் குழந்தைகளுக்கு எவ்வளவு அபாயம்? அவர்கள் எல்லோரையும் ஏற்றுக்கொள்ள சிகிச்சை மையத்தில் ஆளும் சிகிச்சை உணவும் இருக்கிறதா? இரண்டாவது கேள்வியைக் கேட்காமல் கோட்டை உயர்த்தினால், பரிந்துரைச் சீட்டோடு வரும் தாய்மார்கள் வாசலில் காத்திருந்துவிட்டுத் திரும்புவார்கள்.

## மூன்று மில்லிமீட்டர் என்ன செய்யும்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது எந்த ஊரின் புள்ளிவிவரமும் அல்ல, புரிவதற்கான மாதிரி. ஒரு பகுதியில் 6 முதல் 59 மாதம் வரையுள்ள குழந்தைகள் 1000 பேர். சராசரி கைச் சுற்றளவு 140 மி.மீ.; ஏறத்தாழ 95 விழுக்காட்டுக் குழந்தைகள் 118க்கும் 162க்கும் இடையே இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 115க்குக் கீழே சுமார் 12 குழந்தைகள் இருப்பார்கள். 118க்குக் கீழே 23. 120க்குக் கீழே 34. 125க்குக் கீழே 87.

கோட்டை 115லிருந்து 120க்கு, அதாவது அரை சென்டிமீட்டர் நகர்த்தினால் சிகிச்சைக்கு வர வேண்டியவர்கள் ஏறக்குறைய மூன்று மடங்காகிறார்கள். உடனே உண்ணத்தக்க சிகிச்சை உணவு எனப்படும் நிலக்கடலைப் பசைப் பாக்கெட்டுகள் ஒரு குழந்தைக்கு முழுச் சிகிச்சைக்கு ஒரு பெட்டி (92 கிராம் பாக்கெட் 150) என்று கணக்கிடுவது வழக்கம். 12 பெட்டி வாங்கி வைத்த கிடங்குக்கு 34 குழந்தைகள் வருவார்கள்.

கோட்டைத் தொடாமலே இதே விளைவை ஏற்படுத்தவும் முடியும். ஒரு பணியாளர் டேப்பைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்து ஒவ்வொரு கையையும் 3 மி.மீ. குறைவாகப் படிக்கிறார் என்றால், 118க்குக் கீழே உள்ள எல்லோரும் அவருக்குச் சிவப்பு. 12 பேருக்குப் பதிலாக 23 பேரை அனுப்புவார். மற்றொருவர் தளர்வாகப் பிடித்து 3 மி.மீ. கூடுதலாகப் படிக்கிறார். அவருக்கு 112க்குக் கீழே உள்ள ஐந்து பேர்தான் சிவப்பாகத் தெரிவார்கள். ஏழு குழந்தைகள் மஞ்சளில் ஒளிந்துகொள்வார்கள். எல்லையை எங்கே வைப்பது என்று மேலே உட்கார்ந்து எவ்வளவு விவாதித்தாலும், டேப் பிடிக்கும் கைதான் உண்மையில் எல்லையை வைக்கிறது.

சுருக்கமாக: கோட்டுக்கு அருகே குழந்தைகள் நெருக்கமாக இருப்பதால், கோடு சற்று நகர்ந்தாலும் அளவு சற்றுப் பிசகினாலும் எண்ணிக்கை பெரிதாக மாறும்.

## அந்த மூன்று மில்லிமீட்டர் எங்கே தவறுகிறது?

முதலில் டேப்பையே சோதியுங்கள். ஜன்னல் போன்ற திறப்பின் அருகே உள்ள அம்புக்குறியை ஸ்டீல் ஸ்கேலின் பூஜ்ஜியத்தில் வைத்து, சிவப்பும் மஞ்சளும் சேரும் இடம் 11.5 செ.மீ.லும், மஞ்சளும் பச்சையும் சேரும் இடம் 12.5லும் விழுகிறதா என்று பார்க்க வேண்டும். 110 கோடு போட்ட பழைய டேப், பெரியவர்களுக்கான டேப் ஆகியவை பையில் கலந்து கிடப்பது உண்டு. ஜெராக்ஸ் எடுத்துக் காகிதத்தில் வெட்டிய டேப் வேண்டாம்; நகலெடுக்கும்போது அளவு சுருங்கவோ விரியவோ செய்யும்.

இடது கையில் அளப்பது மரபு. சட்டைக் கையை முழுதாகக் கழற்ற வேண்டும்; சுருட்டி மேலே ஏற்றினால் துணி கையை இறுக்கி, டேப் சரியான இடத்தில் உட்காராது. முழங்கையை 90 பாகையில் மடக்கி, தோள்பட்டையின் எலும்பு முனையிலிருந்து முழங்கையின் எலும்பு முனைவரை அளந்து, அதன் நடுவில் பேனாவால் ஒரு புள்ளி வைக்கிறோம். புள்ளி வைத்ததும் கையை நீட்டித் தொங்கவிட வேண்டும். பலர் மறப்பது இந்தப் படியைத்தான். மடக்கிய கையில் தசை புடைத்து அளவு கூடும். அழுது முறுக்கிக்கொள்ளும் குழந்தைக்கும் அப்படியே. அம்மா மடியில் உட்கார்ந்து அமைதியாகும்வரை இரண்டு நிமிடம் பொறுத்திருந்தால் போதும்.

டேப் புள்ளியின் மேல் கிடைமட்டமாக, தோலை எல்லாப் பக்கமும் தொட்டபடி இருக்க வேண்டும். தோல் மடிந்தாலோ பள்ளம் விழுந்தாலோ இறுக்கம். டேப்புக்கும் தோலுக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தால் தளர்வு. டேப் சாய்ந்திருந்தாலும் அளவு கூடும். எண்ணை ஜன்னலுக்குள், இரண்டு அம்புக்குறிகளுக்கு நடுவே, மில்லிமீட்டர் வரை படித்து எழுதுங்கள். நிறத்தை மட்டும் எழுதுவது போதாது. 116லிருந்து 124க்கு ஏறிய குழந்தையும் 124லிருந்து 116க்கு இறங்கிய குழந்தையும் பதிவேட்டில் "மஞ்சள், மஞ்சள்" என்றுதான் இருப்பார்கள்.

அம்மாக்களிடமே டேப்பைக் கொடுத்து அளக்கச் சொல்லும் முறையும் இருக்கிறது. நைஜரில் அதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். அங்கே நடுப்புள்ளியைக் கண்ணால் குறித்துக்கொண்டு, எண்ணை விட்டு நிறத்தை மட்டும் பார்க்கச் சொல்வார்கள். அம்மா அடிக்கடி அளப்பதற்கு அது போதும். பதிவேடு எழுதும் பணியாளருக்கு எண் வேண்டும்.

## டேப் சொல்லாத ஒன்று

சில குழந்தைகளுக்குக் கடுமையான குறைபாட்டில் உடம்பில் நீர் கோக்கும். கை பச்சையாகவே இருக்கலாம், கால் சொல்லிவிடும். இரண்டு பாதங்களின் மேற்பரப்பிலும் கட்டைவிரலை வைத்து மூன்று நொடி அழுத்தி எடுங்கள். விரல் பதிந்த குழி அப்படியே நின்றால், இரண்டு காலிலும் நின்றால், அது குழிவிழும் வீக்கம். ஒரு காலில் மட்டும் என்றால் அடிபட்டதோ புண்ணோ காரணமாக இருக்கலாம். இரண்டு காலிலும் இருந்தால் டேப் என்ன காட்டினாலும் கடுமையான குறைபாடுதான். அன்றே அனுப்ப வேண்டும். டேப்பைக் கையில் எடுத்துவிட்டால் காலைப் பார்க்க மறப்பது இயல்பு என்பதால், காலை முதலிலும் கையை அதன் பிறகும் பார்க்கும் வரிசை எனக்குச் சரியாகப் படுகிறது.

## ஒரு குழந்தை, இரண்டு மாதம்

14 மாதப் பெண் குழந்தை ஒன்றை எடுத்துக்கொள்வோம். முதல் மாதம் அளவு 121, மஞ்சள். கால் வீக்கம் இல்லை. இந்தக் குழந்தையை மருத்துவமனைக்கு அனுப்பத் தேவையில்லை. அங்கன்வாடியின் துணையுணவு, வீட்டில் என்ன ஊட்டுகிறார்கள் என்ற விசாரிப்பு, அடுத்த மாதம் மறுபடி அளவு.

நடுவில் ஒரு வாரம் வயிற்றுப்போக்கு. அடுத்த மாதம் சட்டையைச் சுருட்டிவிட்டு அளந்தபோது 116. சட்டையைக் கழற்றிப் புள்ளி வைத்து அளந்தால் 114, மறுபடியும் 114. முதல் அளவோடு நிறுத்தியிருந்தால் மஞ்சள் என்று எழுதிவிட்டுப் போயிருப்பார்கள். கோட்டிலிருந்து 3 மி.மீ.க்குள் எந்தப் பக்கம் விழுந்தாலும் இரண்டாம் முறை அளப்பது என்று வைத்துக்கொண்டால் இந்தத் தவறு பெரும்பாலும் மறையும்.

இப்போது சிவப்பு. ஆனால் சிவப்பு என்றாலே படுக்கையில் சேர்ப்பது என்று பொருளில்லை. குழந்தை பால் குடிக்க முடியாமல் இருக்கிறதா, எதைக் கொடுத்தாலும் வாந்தி எடுக்கிறதா, வலிப்பு வந்ததா, துவண்டு கிடக்கிறதா என்று கேட்டும் பார்த்தும் தெரிந்துகொள்ள வேண்டும். இவற்றில் ஒன்று இருந்தாலும் நேராக உள்நோயாளிப் பிரிவு. இந்தியாவில் அது ஊட்டச்சத்து மறுவாழ்வு மையமாகவோ குழந்தைகள் வார்டாகவோ இருக்கும். எதுவும் இல்லையென்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பசிச் சோதனை செய்வார்கள்: அமைதியான இடத்தில், தாய் கையால், சிகிச்சை உணவைக் கொடுத்துக் குழந்தை விரும்பிச் சாப்பிடுகிறதா என்று பார்ப்பது. சாப்பிட்டால் வீட்டிலிருந்தே சிகிச்சை பெறலாம். மறுத்தால், வெளியே தெரியாத தொற்றோ வேறு சிக்கலோ உள்ளே இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு உள்நோயாளியாகச் சேர்ப்பார்கள்.

நம் குழந்தைக்குக் கால் வீக்கம் இல்லை, அபாய அறிகுறி இல்லை, பசி இருக்கிறது. சீட்டில் "114 மி.மீ., இருமுறை, கால் வீக்கம் இல்லை, முந்தைய அளவு 121" என்றும் தேதியும் எழுதி அனுப்ப வேண்டும். "சிவப்பு" என்ற ஒற்றைச் சொல்லை எழுதிய சீட்டைப் பார்க்கும் நர்ஸுக்கு, குழந்தை ஒரு மாதத்தில் 7 மி.மீ. இழந்தது தெரியாது.

சுருக்கமாக: கால், கை, அபாய அறிகுறி, பசி என்ற நான்கையும் பார்த்த பிறகே எங்கே அனுப்புவது என்பது முடிவாகும், டேப் அதில் ஒன்று.

## இரண்டு வாசலில் இரண்டு அளவுகோல்

சீட்டோடு போன தாயிடம் "உங்கள் குழந்தைக்கு இங்கே சிகிச்சை தேவையில்லை" என்று சொல்லித் திருப்பி அனுப்பினால் என்ன ஆகும்? அவர் கூலி வேலையை விட்டு வந்திருக்கிறார். அடுத்த முறை குழந்தை 108க்கு இறங்கினாலும் வரமாட்டார். அவரைக் கேட்டு அக்கம்பக்கத்தாரும் வரமாட்டார்கள். பரிந்துரை எல்லையை வைப்பவர்கள் கணக்கில் எடுக்காமல் விடும் செலவு இதுதான் என்பது என் கருத்து.

இப்படி நடப்பதற்குப் பெரிய காரணம், ஊரில் ஒரு அளவுகோலும் மையத்தில் இன்னொன்றும் இருப்பது. கடுமையான குறைபாட்டைக் கண்டுபிடிக்க இன்னொரு வழி, உயரத்துக்கேற்ற எடை. அதே உயரமுள்ள ஆரோக்கியமான குழந்தையோடு ஒப்பிட்டு எடை எவ்வளவு குறைகிறது என்று பார்ப்பது. இரண்டும் ஒரே குழந்தைகளைப் பிடிக்கும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். கை டேப் பெரும்பாலும் இரண்டு வயதுக்குக் குறைந்த, உயரம் குறைந்த குழந்தைகளைப் பிடிக்கிறது. உயரத்துக்கேற்ற எடை, வயது கூடிய, கால் நீண்ட குழந்தைகளையும் பிடிக்கிறது. இரண்டு பட்டியலிலும் வரும் பெயர்கள் ஒரு பகுதி மட்டுமே. இந்தியாவில் இந்த இடைவெளி நன்றாகவே தெரிகிறது.

ஊட்டச்சத்து மறுவாழ்வு மையங்களுக்கான 2011ஆம் ஆண்டு வழிகாட்டுதல் 115க்குக் கீழ் உள்ள கை, உயரத்துக்கேற்ற எடையில் கடுமையான குறைவு, இரண்டு கால் வீக்கம் ஆகிய மூன்றில் எதையும் ஏற்கிறது. மத்திய பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2023ல் வெளியிட்ட நெறிமுறையோ அங்கன்வாடியில் உயரத்துக்கேற்ற எடையையே அடிப்படையாகக் கொள்கிறது. ஆகவே டேப்போடு வீடு வீடாகப் போகும் திட்டத்தைத் தொடங்கும் முன், சீட்டைப் பெறும் மையம் கை அளவை மட்டும் வைத்துச் சேர்த்துக்கொள்ளுமா என்று எழுத்தில் உறுதி செய்துகொள்ள வேண்டும். "எடை சரியாக இருக்கிறது, கை மட்டும்தான் குறைவு" என்று ஒரு குழந்தையைத் திருப்புவது, அபாயம் உள்ள குழந்தையைத் திருப்புவதாகும். இறப்பு அபாயத்தை முன்கூட்டிச் சொல்வதில் கை அளவு எடைக்குச் சளைத்ததல்ல, ஊரளவிலான ஆய்வுகளில் அதைவிட நன்றாகவே சொல்கிறது.

அளவுகோல் ஒன்றாகவே இருந்தாலும் ஊரில் 114, மையத்தில் 116 என்று வரத்தான் செய்யும். இரண்டு கைகள் அளந்தால் 2 மி.மீ. மாறுவது சகஜம். அந்த அளவு வித்தியாசத்துக்குத் திருப்பி அனுப்பாமல் சேர்த்துக்கொள்வது, அல்லது பதிவு செய்து ஒரு வாரத்தில் மறுபடி அளப்பது என்று இரண்டு தரப்பும் முன்பே பேசி வைத்திருந்தால் தாய் அலைய வேண்டியிருக்காது. சில நாடுகளில் இந்தச் சிக்கலை வேறுவிதமாக அணுகுகிறார்கள். கென்யாவிலும் தெற்கு சூடானிலும் சோதித்த ஒருங்கிணைந்த முறையில் 125க்குக் கீழ் உள்ள எல்லோரையும் ஒரே இடத்தில் சேர்த்து, 115க்குக் கீழ் என்றால் நாளுக்கு இரண்டு பாக்கெட், 115 முதல் 125க்குள் என்றால் ஒன்று கொடுத்தார்கள். அங்கே கோட்டின் எந்தப் பக்கம் விழுந்தாலும் கதவு திறந்தே இருக்கிறது. கையில் கொடுக்கும் பாக்கெட்டின் எண்ணிக்கை மட்டும் மாறுகிறது. மாதிரிக் கணக்கை நினைத்துப் பாருங்கள்: 12 பேருக்குப் பதிலாக 87 பேர். அதற்குக் கிடங்கு தயாராக இருந்தால்தான் அந்த வழி.

## அளவு நம்பத்தக்கதா என்று பதிவேட்டிலேயே பார்ப்பது

மேற்பார்வையாளர் ஊருக்குப் போகாமலே செய்யக்கூடிய சோதனை ஒன்று இருக்கிறது. ஒரு பணியாளரின் கடைசி 100 அளவுகளை எடுத்து, மில்லிமீட்டரின் கடைசி இலக்கம் 0 அல்லது 5 என்று எத்தனை முடிகிறது என்று எண்ணுங்கள். சரியாக அளந்திருந்தால் சுமார் 20 இருக்கும். 50, 60 என்றால் அவர் டேப்பைப் படிக்கவில்லை, அருகிலுள்ள 0 அல்லது 5க்குத் தள்ளுகிறார். 113 எல்லாம் 115 ஆகியிருக்கும்; 115 என்பது சிவப்பு அல்ல, மஞ்சள் என்பதால் அந்தக் குழந்தைகள் சீட்டே இல்லாமல் வீட்டில் இருப்பார்கள்.

இன்னொன்று, 125, 126 என்ற எண்கள் வரிசையாகக் குவிந்து 122, 123 அரிதாக இருப்பது. மஞ்சள் வந்தால் தொடர்ந்து வீட்டுக்குப் போக வேண்டும் என்ற வேலைச் சுமைதான் பெரும்பாலும் இதற்குக் காரணம். பணியாளரைத் திட்டுவதற்கு முன் அவர் பொறுப்பில் எத்தனை வீடுகள் இருக்கின்றன என்று பார்த்துவிட்டு, பத்துக் குழந்தைகளை அவரோடு சேர்ந்து தனித்தனியே அளந்து ஒப்பிட்டால் பிழை கையிலா பதிவிலா என்று தெரிந்துவிடும்.

சிகிச்சை முடிந்து வெளியேறும் எண்ணும் இதே பதிவேட்டில் வர வேண்டும்: கை அளவால் சேர்ந்த குழந்தை, 125ஐத் தொட்டு அடுத்தடுத்த இரண்டு வருகைகளில் அங்கேயே நின்று, இரண்டு வாரமாகக் கால் வீக்கமும் இல்லாதிருந்தால்தான் வெளியே அனுப்பலாம். 115ஐத் தாண்டியதுமே அனுப்பிவிட்டால், அடுத்த வயிற்றுப்போக்கில் குழந்தை மறுபடி சிவப்புக்கு இறங்கிவிடக்கூடும்.